பிள்ளை வாங்கிய பதக்கத்துக்கு ஸ்டேட்டஸ் எழுதுவது எப்படி?

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. குறுவட்டத் தடகளப் போட்டியில் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் 600 மீட்டர் ஓடி மூன்றாவதாக வந்தாள். மைதானத்தின் கேட்டைத் தாண்டுவதற்குள், பைக்கில் சாய்ந்து நின்றபடியே நான் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டேன்.

> எங்கள் சிங்கக்குட்டி! இருபது பேரைப் பின்னுக்குத் தள்ளி 600 மீட்டரில் வெண்கலம். நூலிழையில் வெள்ளி போச்சு, அடுத்த வருஷம் தங்கம்தான்! பெற்றோருக்குப் பெருமை தேடித் தந்த செல்லத்தை வாழ்த்துங்கள் நண்பர்களே.

எழுதும்போது இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவள் என் போனை வாங்கிப் படித்தாள். "வெள்ளி வாங்குனது யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? அவளை ஏம்பா இதுல இழுத்தீங்க?" என்றாள். வெள்ளி வாங்கியது அவள் வகுப்புத் தோழி. தினமும் பள்ளி வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்கள். அந்தப் பெண்ணின் அம்மா என் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு எமோஜி மட்டும் அனுப்பியிருந்தார். ஸ்டேட்டஸை அழித்துவிட்டு, மறுநாள் இரவு மகளையும் உட்கார வைத்துக்கொண்டு புதிதாக எழுதினேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். முதல் முறையாக இப்படி ஒரு கேப்ஷன் எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

1. மைதானத்தில் எழுதாதீர்கள்

பந்தயம் முடிந்த அரைமணி நேரத்தில் பெற்றவர்களுக்கு இருக்கும் படபடப்பு பிள்ளைக்குக்கூட இருக்காது. அப்போது வாயில் வருவதெல்லாம் இடம், எண்ணிக்கை, நூலிழை, அடுத்த வருஷம். போட்டோ எடுங்கள், போனைப் பையில் போடுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, பதக்கம் நாளைக்கும் அதே பதக்கம்தான்.

அதற்கப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, "ஓடும்போது உனக்கு எந்த இடம் பிடிச்சிருந்தது?" இதையே "கடைசியில ஏன் வேகம் குறைஞ்சுது?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலைத்தான் சொல்லும். முதல் கேள்விக்கு என் மகள் சொன்ன பதில் இது: "கடைசி வளைவுல கால் கல்லு மாதிரி ஆயிடுச்சுப்பா. பி.டி. சார் சொன்ன மாதிரி கையை மட்டும் வேகமா வீசினேன். கால் தானா பின்னாடியே வந்துடுச்சு."

இரண்டாவது கேள்வி, "இதை நான் போடலாமா? யாரெல்லாம் பார்க்கலாம்?" பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதில் தெளிவான கருத்து இருக்கும். ஏழு வயதுப் பிள்ளை "போடு, போடு" என்று குதிக்கும். அப்போதும் எந்தப் படம் என்பதை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். "வேண்டாம்" என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. தாத்தா பாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

2. பதக்கத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைப் பிடியுங்கள்

கேப்ஷனுக்கான சரக்கு பதக்கத்தில் இல்லை, ஓட்டத்தில்தான் இருக்கிறது. பதக்கத்தைப் படமே காட்டிவிடுகிறது. படத்தில் தெரியாத ஒன்றை எழுதினால்தான் கேப்ஷனுக்கு வேலை.

இதற்கு அந்த விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 600 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் ஒன்றரைச் சுற்று. இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் விசில் ஊதியதும் 100 மீட்டர் ஓடுவதுபோல் பாய்ந்துவிடுவார்கள். முதல் அரைச் சுற்று பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எதிர்ப்பக்க நேர்கோட்டில் மூச்சு வாங்கும். கடைசி வளைவில் தோள் காதுவரை ஏறி, கை மார்போடு ஒட்டிக்கொண்டு, ஓட்டம் கிட்டத்தட்ட நடையாகிவிடும். அந்த நேரத்தில் காலை வேகமாக வை என்று மூளை சொன்னாலும் கால் கேட்காது. கை வீச்சைக் கூட்டினால் காலும் அந்தத் தாளத்துக்குக் கொஞ்சம் இழுபடும். என் மகள் செய்தது அதுதான். நான் அதை விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அவள் சொல்லும்வரை புரியவில்லை.

உங்கள் பிள்ளையின் விளையாட்டு வேறாக இருக்கும். கபடியில் பாடிப் போனபோது கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிய ஒரு ரெய்டு, நீச்சலில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தும் நிறுத்தாமல் முடித்தது, சதுரங்கத்தில் தோற்ற பிறகும் எதிரே இருந்த பிள்ளையோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப அடுக்கிப் பார்த்தது, இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். நீங்கள் போட்டிக்குப் போக முடியவில்லையென்றால் பிள்ளையிடமோ பயிற்சியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். போகாத போட்டியைப் பார்த்ததுபோல் எழுதினால் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் பிள்ளைதான்.

"சூப்பர் டேலண்ட்", "பிறவி ஓட்டக்காரி" என்பதெல்லாம் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நல்லா முயற்சி பண்ணியிருக்க" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்களில் எல்லோரும் சறுக்கினார்கள். புத்திசாலி என்று பேர் வாங்கிய பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் அந்த வேலையே பிடிக்காமல் போனது. வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது கூட்டி எழுதியவர்களும் அந்தக் குழுவில்தான் அதிகம். ஒரே ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் "பிறவி ஓட்டக்காரி" என்று ஊருக்கு அறிவித்த பிறகு அடுத்த போட்டியில் ஏழாவதாக வந்தால் அந்தப் பட்டம் என்னவாகும் என்று பிள்ளை யோசிக்கத்தான் செய்யும்.

"குட்டி பி.டி. உஷா" வகையும் இதே கணக்குதான். அந்தப் பி.டி. உஷாவே 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தவர். அந்தப் பெயரின் பாரம் அவருக்குத்தான் தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் எதற்கு அது?

3. மூன்று வாக்கியம் போதும்

என்ன போட்டி என்று ஒரு வாக்கியம். நீங்கள் பார்த்தது அல்லது பிள்ளை சொன்னது என்று ஒரு வாக்கியம். உங்கள் மனசு என்ன ஆனது என்று ஒரு வாக்கியம். இந்த மூன்றாவதில்தான் தமிழில் பெரும்பாலோர் வழுக்குகிறோம்.

"பெருமை தேடித் தந்தாள்", "பெயரைக் காப்பாற்றினாள்", "தலைநிமிர வைத்தாள்" ஆகிய மூன்றும் கைக்கு வாகாக வந்து விழும் தொடர்கள். மூன்றிலும் பிள்ளை எங்களுக்காக ஏதோ வாங்கிவரப் போனது மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியென்றால் பதக்கம் இல்லாமல் வரும் நாளில் வெறுங்கையோடு வந்ததாகத்தானே அர்த்தம்? சந்தோஷத்தை உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது" என்பதில் அவள் யாருக்கும் கடன்படவில்லை.

இந்த இடத்தில் பலர் "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்" குறளைப் போடுவார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் குறளில் தாய் தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கிறாள். தானே ஸ்டேட்டஸ் போடவில்லை!

4. எழுதியதைக் களை எடுங்கள்

எழுதி முடித்ததும் ஒரு முறை மெதுவாக வாசியுங்கள். யார் பெயரையும் சொல்லாமலேயே தமிழில் ஒப்பிட்டுவிட முடியும். அதற்கென்றே சின்னச் சின்ன ஒட்டுகள் இருக்கின்றன. "விட" கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதை எவரும் எடுத்துவிடுவார்கள். மற்றவைதான் ஆபத்து.

"வெண்கலமாவது கிடைத்ததே" என்பதில் வரும் "ஆவது" பதக்கத்தைப் பாதியாக்கிவிடுகிறது. "மூன்றாம் இடம்தான்" என்பதில் "தான்" மன்னிப்புக் கேட்கிறது. "இவளும் ஜெயித்துவிட்டாள்" என்றால் அந்த "உம்" யாரையோ முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறது. வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பதக்கம் வாங்கியிருந்தால் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். "முதல் தடவையே" என்பதில் உள்ள "ஏ" கேட்க இனிமையானது. ஆனால் இரண்டாம் தடவை என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. "இன்னும்", "அடுத்து", "விரைவில்" மூன்றும் நேரடியாகவே அட்வான்ஸ் புக்கிங். என் பழைய ஸ்டேட்டஸில் "அடுத்த வருஷம் தங்கம்தான்" என்று இருந்தது. அந்த வருஷம் ஓடலாமா வேண்டாமா என்பதையே அவள் முடிவு செய்திருக்கவில்லை.

"நூலிழையில் வெள்ளி போச்சு" என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை ஆறுதல் என்று நினைத்துத்தான் எழுதினேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் வீடியோக்களை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூன்று உளவியலாளர்கள் 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பதக்கம் வென்றவர்களின் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடச் சொன்னால், வெள்ளி வாங்கியவர்களைக் காட்டிலும் வெண்கலம் வாங்கியவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது. வெள்ளிக்காரர் தங்கம் போச்சே என்று பார்க்கிறார், வெண்கலக்காரர் நல்லவேளை பதக்கம் கிடைத்ததே என்று பார்க்கிறார் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். என் மகளும் அன்று மேடையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள், போட்டோ இருக்கிறது. வெள்ளியை அவள் இழந்ததாகக் கணக்குப் போட்டது நான் மட்டும்தான்.

அப்படியென்றால் பிள்ளையைத் தன்னோடு ஒப்பிடலாமே, "போன மாதம் 2 நிமிடம் 14 விநாடி, இன்று 2 நிமிடம் 6" என்று போடலாமே என்பார்கள். பயிற்சி நோட்டில் எழுத நல்ல விஷயம். கேப்ஷனுக்கு நான் சேர்ப்பதில்லை. நம் பள்ளி மைதானங்கள் பலவற்றில் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தடம், கையில் அமுக்கும் ஸ்டாப் வாட்ச். மைதானத்துக்கு மைதானம் தடத்தின் நீளமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மழை பெய்த மறுநாள் அதே பிள்ளை ஐந்து விநாடி கூட எடுக்கும். போதாக்குறைக்கு, வளரும் வயதில் உயரமும் எடையும் மாறும்போது நேரம் சில மாதங்கள் தேங்கி நிற்பதும் பின்னால் போவதும் உண்டு. எண்ணை ஊரறியப் போட்டுவிட்டால் அந்தத் தேக்கமும் ஊரறிய நடக்கும்.

போட்டியின் அளவையும் உள்ளபடி எழுதுங்கள். குறுவட்டம் என்றால் குறுவட்டம். நான்கு கிளப்புகள் சேர்ந்து நடத்திய போட்டியின் சான்றிதழில் "தேசிய அளவு" என்று அச்சடித்திருந்தாலும், "சனிக்கிழமை நடந்த கராத்தே போட்டி" என்று எழுதினால் பிள்ளைக்கு நிம்மதி. பெரிய பெயரைக் காப்பாற்றும் வேலை மிச்சம்.

5. படத்தையும் ஒரு கண் பாருங்கள்

மேடைப் படத்தில் மூன்று பிள்ளைகள் 1, 2, 3 என்று நிற்பார்கள். கேப்ஷனில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அந்தப் படமே ஒப்பீடுதான். மற்ற இரு பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்காமல் அவர்கள் முகத்தைப் போடுவதும் சரியில்லை. நான் அதை வீட்டு ஆல்பத்துக்கு வைத்துக்கொண்டு, ஸ்டேட்டஸுக்கு வேறு படம் எடுத்தேன். பந்தயம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஷூவிலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பதக்கம் கழுத்தில் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பள்ளிப் பெயர் எழுதிய பனியன் தெரிந்த பகுதியை வெட்டிவிட்டேன், இடத்தின் பெயரையும் சேர்க்கவில்லை. ஒரு பிள்ளையின் முகம், பள்ளி, ஊர் மூன்றும் ஒரே இடத்தில் தெரிய வேண்டாம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதைச் சமாதானப்படுத்துவதற்காகக் கேப்ஷனில் இழுத்து வராதீர்கள். "தம்பியும் சீக்கிரம் வாங்குவான்" என்று எழுதினால் ஓடவே பிடிக்காத பையனுக்கும் ஒரு பந்தயம் வைத்தாகிவிட்டது. என் மகன் அன்று அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க அலைந்தான். அதை எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். விட்டுவிட்டேன்.

6. எங்கே போடுவது, வரும் பதிலுக்கு என்ன சொல்வது

வகுப்புப் பெற்றோர் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் அன்று ஓடித் தோற்ற பிள்ளைகளின் வீடுகளும், தேர்வுப் போட்டியிலேயே விடுபட்ட பிள்ளைகளின் வீடுகளும் இருக்கும். பள்ளி அறிவித்தால் அது வேறு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும்.

குடும்பக் குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் மூன்று வகைப் பதில் வரும். வாழ்த்து, திருஷ்டி எமோஜி, அப்புறம் அந்த மூன்றாவது. எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா, "சூப்பர்! அத்தை பையன் இதே வயசுல மாவட்டத்துல கோல்டு வாங்கினான், ஞாபகம் இருக்கா? அடுத்து ஸ்டேட்தான்!" என்று எழுதினார். பாசத்தில்தான் எழுதினார், சண்டைக்கு இதில் இடமில்லை. ஆனால் இந்தக் குழுவைப் பாட்டியின் போனில் பிள்ளையும் படிக்கும். அதனால் பதில் எழுதாமல் விடுவதில்லை. "ஆமா சித்தப்பா, அவன் நல்லா ஓடுவான். இவ இப்போதைக்கு ஓடுறது ஜாலியா இருக்குன்னு சொல்றா, அது போதும்" என்று போட்டேன். அவரை மறுக்கவும் இல்லை, ஒப்பீட்டை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. "அடுத்து எப்போ போட்டி?" என்று கேட்பவர்களுக்கு "அவளைத்தான் கேட்கணும்" என்பது முழுமையான பதில்.

ஒப்பீடு அர்த்தமற்றது என்று யாராவது விடாப்பிடியானவருக்கு விளக்க வேண்டி வந்தால் ஒரு விஷயம் கைவசம் இருக்கட்டும். வயதுப் பிரிவுகளில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கும். பன்னிரண்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது பல பிள்ளைகளுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம். இதைக் கேப்ஷனில் எழுதாதீர்கள், சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

எங்கள் இரண்டாவது முயற்சி

மறுநாள் இரவு சாப்பாடு முடிந்ததும் பழைய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். சிங்கக்குட்டி போனது, அவளுக்கே பிடிக்கவில்லை. இருபது பேர் போனார்கள். வெள்ளி, தங்கம், பெருமை, வாழ்த்துங்கள் எல்லாம் போயின. எதுவுமே மிஞ்சவில்லை. அவள் சொன்ன கை வீச்சிலிருந்து ஆரம்பித்து நான் எழுதியது இது:

> வியாழக்கிழமை குறுவட்டப் போட்டியில் 600 மீட்டர் ஓடினாள், வெண்கலம். கடைசி வளைவில் கால் கல்லு மாதிரி ஆனதும் கையை வீசி ஓடியதாகச் சொன்னாள். விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பி.டி. சாரின் பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டோம். "எதுக்குப்பா" என்று சிரித்தார், சேர்க்கவில்லை. மகளிடம் கடைசியாக ஒரு முறை காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். அந்தத் தோழியின் அம்மாவும் பார்க்கட்டும், லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்றாள். அப்புறம் போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "கல்லு இல்லப்பா, சிமெண்டு மூட்டைன்னு மாத்துங்க. கல்லுகூட அவ்வளவு கனம் இருக்காது" என்றாள்.